சுன்னத்: கத்தி தொடாத இடங்கள்

ஆண்மைக் குறைவு மருத்துவர்களிடம் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர், "சுன்னத் செய்துகொண்டால் நேரம் நீளுமாமே, எனக்கும் செய்துவிடுங்கள்" என்பார். இன்னொருவர், "சுன்னத் செய்த நாளிலிருந்து உணர்ச்சியே செத்துப்போச்சு டாக்டர்" என்பார். இருவரும் ஒரே கதையைத்தான் நம்புகிறார்கள். தோல் போனதும் மொட்டு துணியில் உரசி உரசிக் காய்த்துப்போகும், அதனால் உணர்வு மங்கும் என்பது அந்தக் கதை. முதலாமவர் அதை லாபமாக எழுதிக்கொள்கிறார், இரண்டாமவர் நஷ்டமாக.

இந்தக் கதையைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம் கென்யா. விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் கிசுமு நகரைச் சுற்றி லுவோ மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடம் சுன்னத் வழக்கம் கிடையாது. எச்.ஐ.வி. தொற்றைச் சுன்னத் குறைக்குமா என்று பார்க்க 2002-ல் அங்கே ஓர் ஆய்வு தொடங்கியது. 18 முதல் 24 வயது வரையிலான 2,784 இளைஞர்கள் முன்வந்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிப்பேருக்கு உடனே அறுவை, மறு பாதிக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து என்று பிரித்தார்கள். தொற்று பாதிக்கு மேல் குறைவது தெளிவாகத் தெரிந்ததால் 2006 டிசம்பரில் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். தாம்பத்தியத்தைப் பற்றியும் இரு பிரிவினரிடமும் அவ்வப்போது கேட்டு வந்தார்கள். விறைப்பு வருகிறதா, விந்து முந்துகிறதா, வலிக்கிறதா, இன்பம் இருக்கிறதா என்பவைதான் கேள்விகள்.

அறுவை செய்துகொண்ட பிரிவில், தொடக்கத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பேருக்கு ஏதாவது ஒரு குறை இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து அது 6 பேராகக் குறைந்துவிட்டது. இதை மட்டும் எடுத்து விளம்பரம் போட்டால் ஊரே கிளினிக் வாசலில் வரிசையில் நிற்கும். ஆனால் அறுவையே செய்யாத பிரிவிலும் நூற்றுக்கு 26 பேராக இருந்தது, அதே காலத்தில் 6 பேராகக் குறைந்திருந்தது. வயது கூடியதோ, துணையோடு பழக்கம் வந்ததோ, ஆய்வு மையத்தில் கிடைத்த ஆலோசனையோ, எது காரணமென்றாலும் கத்தி காரணமில்லை. அந்த இரண்டாவது பிரிவு மட்டும் இல்லாதிருந்தால் பெயரெல்லாம் கத்திக்குத்தான் போயிருக்கும்.

இன்னொன்றும் அங்கே தெரியவந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 64 பேர், முன்னைவிட உணர்வு மிகவும் கூடியிருக்கிறது என்றார்கள். இதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். தானாக வந்து அறுவை செய்துகொண்டவர் நல்லதாகச் சொல்லவே விரும்புவார். ஆனாலும் 'மரத்துப்போகும்' என்ற கதைக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. இவர்கள் இளைஞர்கள், பார்த்ததும் இரண்டு ஆண்டுகள் மட்டுமே என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். டென்மார்க்கில் 2011-ல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில், சுன்னத் செய்தவர்களில் உச்சம் எட்டுவதில் சிரமம் இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். ஆனால் அது குலுக்கிப் பிரித்துப் பார்த்த ஆய்வு அல்ல.

அப்படியானால் ஒன்றுமே மாறுவதில்லையா? மாறுகிறது. முன்தோல் வெறும் உறை அல்ல. மெல்லிய தொடுகையை உணரும் நரம்பு முனைகள் அதில் நிறைய உண்டு. தோல் போனால் அந்தத் தோலின் உணர்வும் அதோடு போய்விடும். மொட்டின் மேல் தோல் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்வதும் போய்விடும். இதனால் சுய இன்பத்தின்போது சிலருக்கு எண்ணெயோ ஜெல்லோ தேவைப்படும். சிலர் இதை இழப்பாகவே உணர்கிறார்கள், அதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை.

மொட்டின் கதை வேறு. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 62 ஆண்களை வைத்து 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுன்னத் செய்தவர், செய்யாதவர் இருவருக்கும் மெல்லிய இழையால் தொட்டும், சூடு வைத்தும் எந்த அளவில் உணர்கிறார்கள் என்று அளந்தார்கள். மெல்லிய தொடுகைக்கு முன்தோலே அதிக உணர்வுள்ள இடமாக இருந்தது. ஆனால் இரு பிரிவினரின் மொட்டுக்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை. 2007-ல் வந்த வேறோர் ஆய்வு இதற்கு மாறாக, சுன்னத் செய்தவர்களின் மொட்டில் தொடு உணர்வு குறைவு என்றது. ஆகவே அந்த விவாதம் முடிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஓர் இழை படுவதை உணர்வதும் இன்பத்தை உணர்வதும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது.

விறைப்புக்கும் முன்தோலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆசை எழுந்ததும் இடுப்புக்குள்ளிருந்து வரும் நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. அதனால் ரத்தக்குழாய்கள் தளர்கின்றன. உறுப்பின் உள்ளே நீளவாக்கில் இருக்கும் பஞ்சு போன்ற இரண்டு தண்டுகளில் ரத்தம் நிரம்பி, வெளியேறும் வழி அடைபடுகிறது. ஒழுங்காகச் செய்த சுன்னத்தில் கத்தி தோலோடு நின்றுவிடும், இவற்றின் பக்கமே போகாது.

நேரத்துக்கு வருவோம். ஐந்து நாடுகளில் சுமார் 500 தம்பதிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்து, புணர்ச்சி தொடங்கியதிலிருந்து விந்து வெளியேறும் வரை மனைவியே நேரம் குறித்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. நடுமட்ட நேரம் 5.4 நிமிடம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தவர்களும் உண்டு, 44 நிமிடம் போனவரும் உண்டு. சுன்னத் எல்லோருக்கும் நடக்கும் துருக்கியில்தான் நேரம் ஆகக் குறைவு, 3.7 நிமிடம்! அதைத் தனியே ஒதுக்கி மற்ற நாடுகளில் பார்த்தபோது, செய்தவர்களுக்கு 6.7 நிமிடம், செய்யாதவர்களுக்கு 6.0. தற்செயலாகவே வரக்கூடிய அளவு வித்தியாசம்தான் இது. தொடக்கத்திலிருந்தே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற உண்மையான விந்து முந்துதலுக்கு மரப்புக் களிம்பு, டபோக்ஸெட்டின் போன்ற மாத்திரை, நிறுத்தி நிறுத்தித் தொடரும் பயிற்சி என்று வேறு வழிகள் உண்டு. அதற்காகக் கத்தியைத் தேடுவது வீண் செலவு.

நம்மூரில் கத்தி மேல் தப்பாக விழும் பழி ஒன்று உண்டு. 48 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். சில மாதங்களாக முன்தோல் இறுகி, ஓரத்தில் வெடித்து, எரிகிறது. களிம்பு போட்டும் கேட்கவில்லை, அறுவை செய்துவிடுகிறார்கள். முதல் சில வாரம் மொட்டு துணியில் பட்டாலே கூசுகிறது. இரவில் தானாக வரும் விறைப்பு தையலை இழுத்து எழுப்பிவிடுகிறது. இவை இயல்பு. ஆறு வாரம் உறவு வேண்டாமென்றார்கள், இருந்துவிட்டார். பிறகு முயன்றபோது பாதியிலேயே தளர்ந்துபோகிறது. "அறுத்ததால் வந்த வினை" என்று முடிவுகட்டிவிடுகிறார்.

அவரிடம் கேட்கவேண்டியது, அறுவைக்கு முன்னால் எப்படி இருந்தது என்பதைத்தான். நிதானமாகக் கேட்டால், ஓராண்டாகவே காலை விறைப்பு குறைந்து வந்தது வெளிவரும். நடுவயதில் புதிதாக முன்தோல் இறுகுவது பல நேரம் சர்க்கரை நோயின் அடையாளம். சிறுநீரில் இறங்கும் சர்க்கரையில் பூஞ்சை வளர்ந்து தோலைப் புண்ணாக்குகிறது. அதே சர்க்கரை ரத்தக்குழாயையும் நரம்பையும் அரித்து விறைப்பையும் கெடுக்கிறது. வெறும் வயிற்றில் 126-க்கு மேலோ, எச்பிஏ1சி 6.5-க்கு மேலோ வந்து, மறுபரிசோதனையிலும் அப்படியே இருந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

கத்தி மீதே தப்பு இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அளவுக்கு மீறித் தோலை எடுத்துவிட்டால் விறைப்பின்போது தோல் இழுத்து வலிக்கும். தழும்பு தடித்தால் ஒரே இடத்தில் சுருக்கென்று வலிக்கும். மூன்று மாதம் கடந்தும் இப்படி இருந்தால் அறுவை செய்தவரிடமோ சிறுநீரக அறுவை நிபுணரிடமோ திரும்பக் காட்டவேண்டும். வலி எதுவும் இல்லாமல் விறைப்பு மட்டும் தளர்கிறது என்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை என்று அந்தப் பக்கம்தான் தேடவேண்டும். மருந்துக்கடையில் தானே சில்டெனாஃபில் வாங்கிப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.