வாட்ச்மேனின் டிபன் பாக்ஸ் எத்தனை மணிக்குத் திறக்கிறது?

"வெறும் வயிறா வந்திருக்கீங்களா?"

"ஆமாம்மா. ராத்திரி பதினோரு மணிக்குச் சாப்பிட்டதுதான். நாலரைக்கு ஒரு டீ, ஒரு பன். அவ்வளவுதான்."

ரத்தம் எடுக்க வந்த பெண் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். இரவு டூட்டி முடித்து நேராக லேப்புக்கு வரும் பலர் இப்படித்தான் பதில் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கில் சாப்பாடு என்றால் சோறு. டீயும் பன்னும் அதில் சேராது. வெறும் வயிற்றுச் சோதனைக்கு எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர வேறு எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது. நாலரைக்கு இனிப்பு டீ குடித்தவருக்கு எட்டரைக்கு ரத்தம் எடுத்தால், வரும் எண் எதைச் சொல்கிறது என்று டாக்டருக்கும் தெரியாது.

இந்தக் கட்டுரையின் நாயகர் ஒரு கற்பனை மனிதர். மதுரை விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரவு வாட்ச்மேன். வயது 52. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை டூட்டி. பெயர் வேண்டாம்; குடியிருப்பில் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆள் கற்பனை என்றாலும் அவர் உடம்புக்குள் நடப்பதாகச் சொல்லப்போவதெல்லாம் ஆய்வுகளில் பார்க்கப்பட்டவை.

மறுநாள் ஒழுங்காகப் பட்டினி கிடந்து சோதனை செய்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 114. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2. இது 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு. அண்ணன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நம்மூர் ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே எச்சரிக்கைதான்.

அவருடைய அன்றாடம் இது. காலை எட்டரைக்கு ஆறு இட்லி. பத்து மணிக்குத் தூக்கம், இரண்டு மணிக்கு விழிப்பு. மூன்று மணிக்குச் சோறு. ராத்திரி பத்தே முக்காலுக்கு ரோட்டுக் கடையிலிருந்து மூன்று புரோட்டா, சால்னா. பிறகு பன்னிரண்டு, இரண்டு, நாலரை என்று டீ, கூடவே பன்னோ வர்க்கியோ. மதுரையில் நடுச்சாமத்திலும் சூடாகச் சாப்பிடக் கிடைக்கும். ஊருக்குப் பெருமையான இந்த வசதிதான் இரவு வேலைக்காரரின் வயிற்றுக்கு வினை.

புரோட்டா மைதா, எண்ணெய், அதனால் கெடுதல் என்பது எல்லோரும் சொல்வதுதான். அதே மூன்று புரோட்டாவை அண்ணன் பகல் ஒரு மணிக்குச் சாப்பிட்டிருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்காது என்பதுதான் அதிகம் பேசப்படாத விஷயம்.

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, நம் உடம்பின் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். கல்லீரல், கணையம், குடல் என்று ஒவ்வோர் உறுப்பிலும் தனித்தனிக் கடிகாரங்களும் உண்டு. செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. உறுப்புகளின் கடிகாரங்கள் வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டு நேரத்தைத்தான் அதிகம் மதிக்கின்றன. நள்ளிரவில் சாப்பிட்டால் மூளை "இது ராத்திரி" என்கிறது, கல்லீரலோ "சாப்பாடு வந்துவிட்டது, விடிந்துவிட்டது" என்கிறது. உறுப்புகள் ஆளுக்கொரு நேரத்தில் ஓடத் தொடங்குகின்றன.

போதாததற்கு, இருட்டியதும் சுரக்கும் மெலடோனின் கணையத்தின் இன்சுலின் சுரப்பையும் மட்டுப்படுத்துகிறது. உடம்பைப் பொறுத்தவரை அது பட்டினி கிடக்க வேண்டிய வேளை. அந்த நேரத்தில் வந்து இறங்கும் மாவுச்சத்து ரத்தத்திலேயே நெடுநேரம் சுற்றுகிறது.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்து 2021 டிசம்பரில் வெளிவந்தது. ஆரோக்கியமான 19 இளம் வயதினரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, இரவு வேலை போலவே ராத்திரி விழிக்கச் செய்தார்கள். ஒரு பிரிவினர், இரவு வேலைக்காரர்கள் வழக்கமாகச் செய்வது போல, ராத்திரியிலும் சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினரும் அதே அளவு விழித்தார்கள், ஆனால் பகல் நேரத்தில் மட்டும் சாப்பிட்டார்கள். முதல் பிரிவில் சராசரி ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. இரண்டாம் பிரிவில் ஏறவில்லை. கெட்டது விழிப்பால் மட்டும் வருவதல்ல, விழிப்போடு சேர்ந்த சாப்பாட்டாலும் வருகிறது என்று இதற்குப் பொருள். ஆட்கள் குறைவு, நாட்களும் குறைவு, எல்லோரும் இளையவர்கள். ஐம்பது தாண்டிய வாட்ச்மேனுக்கு அதே எண் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. போகும் திசை மட்டும் தெளிவு.

அண்ணன் முதலில் செய்தது பலரும் செய்வதுதான். புரோட்டாவை விட்டுச் சப்பாத்திக்கு மாறினார். ராத்திரி பதினொன்றுக்கு நான்கு சப்பாத்தி. மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 6.2 என்றே நின்றது. எண்ணெய் குறைந்ததும் நார்ச்சத்து கொஞ்சம் கூடியதும் நல்லதுதான். ஆனால் கோதுமை மாவிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். அளவும் மாறவில்லை, நேரமும் மாறவில்லை. சர்க்கரைக்குச் சப்பாத்தி மருந்து என்ற நம் நம்பிக்கை இரவு வேலைக்காரரிடம் இப்படித்தான் தோற்கிறது.

அதன்பின் அவரே டிபன் பாக்ஸ் கட்ட ஆரம்பித்தார். மனைவி ஜவுளிக்கடை வேலை முடிந்து வீடு திரும்ப ஒன்பது ஆகிவிடும் என்பதால் சமையலும் அவர்தான். கட்டுவது இரண்டு டப்பா.

பெரிய டப்பாவில் ஒரு பங்கு சோறு, அதே அளவு கீரையோ அவரைக்காயோ வெண்டைக்காயோ, கெட்டிப் பருப்பு, ஒரு முட்டை அல்லது ஒரு துண்டு மீன். முதலில் காய், பிறகு முட்டை, கடைசியில் சோறு என்ற வரிசையில் சாப்பிடுகிறார். இந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை மெதுவாக ஏறுவதாகச் சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத காரியம், செய்து பார்க்கலாம். டூட்டிக்கு வந்து கையெழுத்துப் போட்டதும், எட்டரைக்குள் இந்த டப்பாவைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் முக்கிய விதி. சாப்பிட்டு முடித்ததும் காம்பவுண்டைச் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிட நடை. அது எப்படியும் அவர் வேலைதான். உழைக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

சின்ன டப்பா ஆபத்துக்கு உதவ. ஒரு கைப்பிடி வறுத்த கடலை. நள்ளிரவு முதல் ஆறு மணிவரை பசி பொறுக்கவில்லை என்றால் மட்டும் திறப்பது. மற்றபடி தண்ணீர், பன்னிரண்டு மணிக்குச் சர்க்கரை போடாத ஒரு டீ. முதல் பத்து நாள் இரண்டு மணிக்குப் பசி பிடுங்கியது, டப்பா காலியானது. பிறகு பல நாட்கள் அது திறக்காமலே வீடு திரும்பியது. வழக்கமான நேரத்துக்கு வரும் பசி, அந்த நேரம் மாறினால் மெல்ல மாறிவிடும்.

மதுரை வெயிலில் டப்பா கட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. கொதிக்கக் கொதிக்கச் சோற்றை அடைத்து மூடினால் ஆவி தண்ணீராகி மேலே சொட்டும். வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்காகக் கிடந்தால் சோற்றில் நச்சுக் கிருமி பெருகும். சூட்டைத் தாங்கும் வித்துகளாக இருப்பதால், வெந்த சோற்றிலும் அது பிழைத்திருக்கும்; திரும்பச் சூடு பண்ணினாலும் அது விட்ட நஞ்சு போகாது. ஆகவே ஆறரைக்குச் சமைத்து, ஆவி போனதும் மூடி, எட்டரைக்குள் சாப்பிட்டுவிடுவது வயிற்றுக்கும் நல்லது, கடிகாரத்துக்கும் நல்லது. தேங்காய்ச் சட்னியைக் கட்டவே கூடாது. இட்லி கொண்டுபோகும் நாளில் பொடியும் நல்லெண்ணெயும் போதும்.

காலையில் ஆறு இட்லி மூன்றானது, சாம்பார் கூடியது. நாலரை டீ நின்றதால் தூக்கமும் நீண்டது. டீயிலுள்ள கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் ஆகும். நாலரைக்குக் குடித்தது ஒன்பதரைக்கும் உள்ளே முழித்துக்கொண்டிருக்கும். ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டு இருட்டாக்கியதில் நான்கு மணி நேரத் தூக்கம் ஆறானது. தூக்கம் குறைந்தாலே இன்சுலின் சரியாக வேலை செய்யாது என்பதால், இதையும் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

மூன்றாம் மாதம் அவர் எடையில் குறைந்தது ஒரு கிலோ. "இதுக்கா இத்தனை பாடு?" என்றார் மனைவி. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. சர்க்கரையின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 55 சதவீதத்தினர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதத்தினர். எடை பெரிதாகக் குறையாமலே கிடைத்த பலன் இது. ஆனால் மாற்றியவர்களிலும் பத்தில் நால்வருக்கு நோய் வந்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. டிபன் பாக்ஸ் மந்திரப் பெட்டி அல்ல.

ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் ஹெச்பிஏ1சி-யை மூன்று மாதத்துக்கு முன்னால் திரும்பப் பார்த்துப் பயனில்லை. இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் அது பொய்யாக ஏறியும் காட்டும். ஆறாம் மாத முடிவில் அண்ணனுக்கு 5.9, இடுப்பு 94. விளிம்பை இன்னும் தாண்டவில்லை, ஆனால் திரும்பி நடக்கிறார். ஏற்கெனவே இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இதை அப்படியே செய்யக் கூடாது. ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை அபாயமாக இறங்கும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் அதன் அறிகுறிகள். டாக்டரிடம் மருந்தளவை மாற்றிக்கொண்ட பிறகுதான் டப்பாவின் நேரத்தை மாற்ற வேண்டும்.

குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விசேஷ வீட்டு லட்டையும் மிச்சப் பிரியாணியையும் பதினொன்றரை மணிக்கு வாட்ச்மேன் கையில் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்பாகக் கொடுப்பதை அவரால் மறுக்கவும் முடியாது. அதை அவர் டூட்டிக்கு வரும் எட்டு மணிக்கே கொடுத்துவிடுங்கள்.