அறுபத்துமூவர் கதை செயலிகளைச் சென்றடையும் வழி

பாட்காஸ்ட் ஒன்றை ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் என ஒவ்வொரு செயலியிலும் தனித்தனியே ஏற்ற வேண்டியதில்லை. ஒலிக்கோப்புகள் ஹோஸ்டிங் சேவை ஒன்றில் இருக்கும். அந்தச் சேவை தொடருக்கென்று ஒரு ஃபீட் முகவரியைத் தரும். தொடரின் பெயர், முகப்புப் படம், ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, கோப்பு இருக்கும் இடம் ஆகியவற்றைக் கொண்ட பட்டியல்தான் ஃபீட். செயலிகள் அதை அவ்வப்போது படித்து, புதிதாகச் சேர்ந்ததைக் காட்டுகின்றன.

நாயன்மார் கதைகளை வாரம் ஒன்றாகச் சொல்லும் ஒரு தொடரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவரே பேசும் அரைமணி நேர உரைக்கு 64 கேபிபிஎஸ், மோனோ எம்பி3 போதும். கோப்பு சுமார் 14 எம்பி வரும். கோயில் மண்டபத்தில் பதிவு செய்தால் சட்டையில் மாட்டும் மைக் அவசியம். எதிரொலியைப் பிறகு முழுமையாக நீக்க முடியாது.

அடுத்தது வரிசை. பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாறு தொடக்கத்தில் வந்து, இடையிடையே தொடர்ந்து, வெள்ளானைச் சருக்கத்தில் முடிகிறது. வழக்கமான Episodic அமைப்பில் கடைசியாக வெளியான பகுதி மேலே நிற்பதால், புதிதாக வருபவர் கதையின் நடுவில் நுழைவார். Serial என்று தேர்ந்து, பகுதி எண்களையும் நிரப்பினால் ஆப்பிளில் முதல் பகுதி முன்னால் வரும். முந்தைய கதையைச் சாராத தனி உரைகளுக்கு Episodic பொருந்தும்.

முகப்புப் படம் சதுரமாக, ஒவ்வொரு பக்கமும் 1400 முதல் 3000 பிக்சல் வரை இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. வாட்ஸ்அப்பில் சுற்றும் விழா அழைப்பிதழ் படம் பெரும்பாலும் இதில் தேறாது. ஃபீட் முகவரியை ஸ்பாட்டிஃபையிடம் கொடுத்ததும், ஃபீடில் உள்ள மின்னஞ்சலுக்கு உறுதிக் குறியீடு செல்லும். சில சேவைகள் அந்த மின்னஞ்சலை மறைத்தே வைக்கும். குறியீடு வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். தன்னார்வலர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலைவிட, அமைப்பின் பொது மின்னஞ்சலே நல்லது. அவர் விலகினாலும் தொடர் கைவிட்டுப் போகாது.

பக்தித் தொடர்கள் அதிகம் சிக்குவது இசையில். தேவாரப் பாடல் வரிகளுக்கு உரிமைத் தடை இல்லை. ஆனால் பிறர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் உண்டு. தொடக்க இசையாக அதைச் சில நொடிகள் சேர்த்தாலும் பகுதி நீக்கப்படலாம். சொற்பொழிவாளரே பாடுவது பாதுகாப்பானது.

புதிய பகுதி செயலியில் தெரியாவிட்டால் ஃபீட் முகவரியை உலாவியில் திறந்து பார்க்கலாம். தலைப்பு அங்கே இருந்தால் சேவையின் வேலை முடிந்தது. சில மணி நேரம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு மறுபடி ஏற்றினால் புது அடையாள எண்ணுடன் அதே கதை இரண்டு முறை தோன்றும். பேச்சில் பிழை இருந்தால் பகுதியை அழிக்காமல் அதற்குள்ளேயே கோப்பை மட்டும் மாற்றுவது சரி. ஹோஸ்டிங் சேவையை மாற்றும்போது, பழைய சேவையில் 301 திசைமாற்றத்தை முதலில் அமைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செயலிகள் பழைய ஃபீடையே படித்துக்கொண்டிருக்கும். தொடரைப் பின்தொடர்பவர்களுக்குப் புதிய கதைகள் வராது.