பத்தாம் தேதி வந்த அதே ஆள்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடை, இணையத்திலும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். லண்டனில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் தங்கையின் கல்யாணத்துக்குப் புடவை தேடுகிறார். முதல் தேதியன்று ஐபோனில் கூகுளில் தேடி, கடையின் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வருகிறார். அரக்கு நிறப் புடவை ஒன்று பிடித்துப்போகிறது. அதை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அம்மா அத்தையிடம் காட்ட, அத்தைக்குக் கரை இன்னும் அகலமாக வேண்டும். பேச்சு ஒரு வாரத்தைத் தாண்டி ஓடுகிறது. பத்தாம் தேதி அந்தப் பெண் கடையின் பெயரையே டைப் செய்து உள்ளே வந்து, முதலில் பார்த்த அதே புடவையை வாங்கிவிடுகிறார்.

கடையின் அளவீட்டு அறிக்கை இதை வேறு விதமாகச் சொல்லும். முதல் தேதி விளம்பரத்தின் வழியே ஒருவர் வந்தார், வாங்கவில்லை. பத்தாம் தேதி புதிதாக இன்னொருவர் நேரே வந்தார், வாங்கினார். அந்த விளம்பரத்துக்குப் போட்ட காசு வீண் என்று கடைக்காரர் அதை நிறுத்தினாலும் ஆச்சரியமில்லை.

இருவரும் ஒருவரே என்று சொல்ல வேண்டியது குக்கி. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டுல்லி உருவாக்கிய சின்னஞ்சிறு குறிப்பு அது. தளம் ஓர் எண்ணைப் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும். அடுத்த முறை வரும்போது பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். தளம் தானே வைக்கும் குக்கி ஒரு வகை. அந்தப் பக்கத்தில் இடம்பெற்ற விளம்பர நிறுவனம் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கி இன்னொரு வகை. நேற்றுச் செய்தித் தளத்தில் பார்த்தவரை இன்று புடவைக் கடையில் அடையாளம் காண வைத்தது இரண்டாவது வகைதான். மக்களுக்கு எரிச்சலும் பயமும் வந்தது அதனால்தான்.

ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுமையாகத் தடுத்தது. கூகுளும் குரோமிலிருந்து அவற்றை நீக்கப்போவதாக அதே ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. பலமுறை தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இதைக் கேட்டு ‘இனிக் கவலையில்லை’ என்று நினைத்த கடைகள் ஏராளம். அவர்கள் கவனிக்காத விஷயம், நம் லண்டன் பெண்ணை மறக்கச் செய்தது மூன்றாம் தரப்புக் குக்கி இல்லாமை அல்ல. கடையின் சொந்தக் குக்கியே ஆயுள் தீர்ந்து போனதுதான்.

பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கி, அது தளத்தின் சொந்தக் குக்கியாகவே இருந்தாலும், சஃபாரியில் ஏழு நாளுக்கு மேல் தங்காது. 2019இல் வந்த கட்டுப்பாடு இது. ஆள் இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்தால் குக்கி புதுப்பிக்கப்படும், ஏழு நாள் மறுபடி தொடங்கும். ஆனால் பின்தொடரும் தளம் என்று சஃபாரி கணித்த இடத்திலிருந்து, gclid போன்ற அடையாளம் ஒட்டிய சுட்டி வழியாக ஆள் வந்தால், அந்தப் பக்கத்தில் வைக்கும் குக்கிக்கு ஒரே நாள்தான் ஆயுள்.

சர்வர் வழி அளவீடு இங்கேதான் கைகொடுக்கிறது. குக்கியைப் பக்கத்து ஸ்கிரிப்ட் வைக்காமல், கடையின் சர்வரே பக்கத்தை அனுப்பும்போது கூடவே ஒரு வரியில் அனுப்பிவிடுகிறது:

```
Set-Cookie: visitor_id=8f3a21; Max-Age=7776000; Path=/; Secure; HttpOnly
```

அந்தப் பெரிய எண் விநாடிக் கணக்கு; 90 நாள். பெண் பத்தாம் தேதி வரும்போது எண் அப்படியே இருக்கும். முதல் நாளே அந்த எண்ணோடு gclid மதிப்பையும் சர்வர் எழுதி வைத்திருந்தால், புடவையை விற்றது எந்த விளம்பரம் என்று தெரிந்துவிடும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. அளவீட்டுச் சர்வரைத் தனியாக வாடகைக்கு எடுத்து, கடையின் பெயரில் ஒரு துணை முகவரி மட்டும் கொடுத்தால் போதும் என்று பலர் செய்கிறார்கள். சஃபாரி 16.4 முதல் இரண்டு சர்வர்களின் ஐபி முகவரிகளும் ஒப்பிடப்படுகின்றன. கடை 203.0 என்று தொடங்கி, அளவீடு 198.51 என்று தொடங்கினால், மறுபடி அதே ஏழு நாள்தான். இதைக் கண்டுபிடிப்பது எளிது: மேக் கணினியில் சஃபாரியின் வெப் இன்ஸ்பெக்டரைத் திறந்து, அந்தக் குக்கியின் காலாவதித் தேதியைப் பார்க்கலாம். 90 நாள் கேட்ட இடத்தில் ஏழு நாள் தெரிந்தால் அமைப்பு தவறு. அளவீட்டையும் கடையின் சர்வர் வழியாகவே செலுத்துவது தீர்வு.

இன்னொரு ஓட்டை பணம் கட்டும் இடத்தில் இருக்கிறது. வாங்குபவர் வங்கிச் செயலிக்குப் போய் ஒப்புதல் கொடுத்துவிட்டு, ‘நன்றி’ பக்கத்துக்குத் திரும்பாமல் போனை மூடிவிடுவார். யுபிஐயில் பணம் கட்டும் நம் ஊர்க்காரர்களும் அப்படித்தான். பணம் வந்துவிடும், அந்தப் பக்கத்தில் ஓட வேண்டிய அளவீட்டு ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது. பேமெண்ட் கேட்வே பணம் வந்த செய்தியைக் கடையின் சர்வருக்கு நேரடியாகச் சொல்லும். விற்பனையை அங்கிருந்து பதிந்தால் இந்த இழப்பு இல்லை. பிரவுசர், சர்வர் இரண்டுமே பதிவு அனுப்பினால், இரண்டிலும் ஒரே ஆர்டர் எண்ணைப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு புடவை இரண்டு புடவையாகக் கணக்கில் ஏறும்.

இத்தனையும் தொழில்நுட்பக் கோளாறுக்கான மருந்து. ‘வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னதற்கு மருந்து அல்ல. சர்வர் வைத்தாலும் குக்கி குக்கிதான். ஐரோப்பியச் சட்டம் யார் வைத்தார்கள் என்று பார்ப்பதில்லை, ஒப்புதல் இருக்கிறதா என்றே கேட்கிறது. முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் ஒப்புதல் ஆகாது என்று 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்பது ஒரே சொடுக்கில் முடிய, மறுக்க மட்டும் பல சொடுக்குகள் வைத்ததற்காக 2022 ஜனவரியில் பிரான்ஸின் கண்காணிப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவான செயலால் தரும் ஒப்புதலையே ஏற்கிறது. ஒப்புதல் கோரிக்கையைத் தமிழில் படிக்கும் வாய்ப்பையும் தரச் சொல்கிறது. அதன் முக்கியக் கடமைகள் 2027இல் நடைமுறைக்கு வருகின்றன.

சர்வர் வழிக்கு மாறுவதில் உண்மையான ஆபத்தும் இருக்கிறது, அதை வெளிப்படையாகப் பேச வேண்டும். முன்பு பக்கத்திலிருந்து எந்தெந்த நிறுவனத்துக்குத் தகவல் போகிறது என்று விவரம் தெரிந்தவர் பிரவுசரிலேயே பார்த்துவிடலாம். இப்போது எல்லாம் கடைக்குள் போய், பின்வாசல் வழியாக வெளியேறுகிறது. வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. மின்னஞ்சலை ஹாஷ் செய்து அனுப்புகிறோம் என்பதும் முழுச் சமாதானம் ஆகாது. பெறுபவரிடம் அதே மின்னஞ்சல் இருந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நல்லெண்ணம் உள்ள கடையும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பேமெண்ட் கேட்வே அனுப்பும் செய்தியில் ஆர்டர் எண்ணும் தொகையும் இருக்கும்; வாங்கியவர் ‘மறுக்கிறேன்’ பொத்தானை அழுத்தினாரா என்பது இருக்காது. சர்வர் பாட்டுக்கு எல்லா ஆர்டரையும் விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். ஆர்டர் உருவாகும் அந்த நொடியில், தொகைக்குப் பக்கத்திலேயே அவருடைய ஒப்புதல் நிலையையும் ஒரு கட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்; அனுப்பும் முன் அந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். மறுப்பை அழுத்திவிட்டு ஒரு சோதனை ஆர்டர் போட்டு, சர்வரின் பதிவேட்டில் அது வெளியே போயிருக்கிறதா என்று தேடினால் உண்மை தெரிந்துவிடும்.

நம் கற்பனைக் கடையின் ஆர்டர் புத்தகத்தில் மாதம் 60 விற்பனை, விளம்பர நிறுவனத்தின் அறிக்கையில் 45 என்று கொள்வோம். விடுபட்ட 15இல் ஒன்பது, நன்றிப் பக்கத்துக்குத் திரும்பாதவர்களும் ஸ்கிரிப்ட் தடுக்கப்பட்டவர்களும். மீதி ஆறு பேர் மறுத்தவர்கள். எல்லாம் சரியாக அமைந்த பிறகு அறிக்கை 54 காட்ட வேண்டும். 60 காட்டினால் அந்த ஆறு பேரின் விவரம் எந்த வழியாக வெளியே போனது என்று கடைக்காரர் அன்றே தேடத் தொடங்க வேண்டும்.