மழை பெய்தால் இலக்கு எப்படி மாறுகிறது? கிரிக்கெட்டில் வானிலைக் கணக்கு

2008-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி. பூச்சோங் கின்ராரா ஓவல் திடலில் 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ண இறுதியாட்டம். விராட் கோலி தலைமையிலான இந்திய அணி முதலில் ஆடி 159 ஓட்டங்களுக்கு எல்லா விக்கெட்டுகளையும் இழந்தது. 50 ஓவர் ஆட்டத்திற்கு அது சிறிய எண்ணிக்கைதான். தென்னாப்பிரிக்கா ஆடும்போது மழை குறுக்கிட்டது. அவர்களுக்குக் கிடைத்தது மொத்தம் 25 ஓவர்கள். இலக்கு 116 ஓட்டங்கள். 8 விக்கெட்டுக்கு 103 ஓட்டங்கள் எடுத்து, 12 ஓட்டங்களில் தோற்றார்கள். கிண்ணம் இந்தியாவுக்குப் போனது.

ஓவர் பாதியாகக் குறைந்தால் இலக்கும் பாதியாகத்தானே குறைய வேண்டும் என்று பலருக்கும் தோன்றும். 159-இல் பாதி ஏறக்குறைய 80. அந்தக் கணக்கில் பார்த்தால் 103 எடுத்த தென்னாப்பிரிக்காதான் உலக வெற்றியாளர். ஆனால் கொடுக்கப்பட்ட இலக்கு, இந்தியாவின் எண்ணிக்கையில் ஏறக்குறைய முக்கால் பங்கு. மழைக்காக எவ்வளவு குறைப்பது என்ற கேள்விக்கு ஓர் உலகக் கிண்ணமே கைமாறும் அளவுக்கு வலு உண்டு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம்.

ஓவர் மட்டும் போதாது

ஓர் அணி ஆடத் திடலில் இறங்கும்போது அதன் கையில் இரண்டு முதல்கள் இருக்கின்றன. ஒன்று ஓவர்கள், மற்றொன்று பத்து விக்கெட்டுகள். 50 ஓவர் ஆட வேண்டுமானால் விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டு நிதானமாக ஆட வேண்டும். 25 ஓவர்தான் என்றால் அதே பத்து விக்கெட்டுகளை 25 ஓவரில் செலவழித்து அடித்து ஆடலாம். அதனால்தான் பாதி ஓவரில் பாதிக்கு மேல் ஓட்டம் வரும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர்கள் ஃபிராங்க் டக்வொர்த்தும் டோனி லூயிஸும் இதை ஓர் அட்டவணையாக்கினார்கள். எத்தனை ஓவர் பாக்கி, எத்தனை விக்கெட் போய்விட்டது என்று பார்த்தால், அந்த அணியின் கையில் இன்னும் எத்தனை விழுக்காடு பலம் இருக்கிறது என்று அட்டவணை சொல்லிவிடும். அனைத்துலக ஆட்டத்தில் இது முதலில் பயன்பட்டது 1997 ஜனவரி 1-ஆம் தேதி, ஹராரேயில் ஜிம்பாப்வேயும் இங்கிலாந்தும் மோதியபோது. பின்னர் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்டெர்ன் பொறுப்பேற்று அதைத் திருத்தினார். அதனால் இன்று மூவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து டி.எல்.எஸ். என்கிறோம்.

பெரிய ஆட்டங்களில் கணினி நிரல்தான் கணக்குப் போடுகிறது. கையால் போடுவதற்கு வெளியிடப்பட்ட பழைய அட்டவணையும் உண்டு. அதிலிருந்து சில எண்களை எடுத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கணினி தரும் விடை சற்று மாறலாம். ஆனால் போகும் பாதை ஒன்றுதான்.

ஒரே மழை, இரண்டு இலக்குகள்

முதல் அணி 50 ஓவரில் 200 ஓட்டங்கள் எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் அணி 20 ஓவர் ஆடி 80 ஓட்டங்கள் எடுத்திருக்கிறது, 2 விக்கெட் போயிருக்கிறது. இப்போது மழை. நின்றபின் நடுவர்கள் இன்னும் 10 ஓவர்தான் ஆட முடியும் என்கிறார்கள். அதாவது 20 ஓவர் பறிபோனது.

மழை தொடங்கியபோது 30 ஓவர் பாக்கி, 2 விக்கெட் போயிருந்தது. அட்டவணையில் அந்த நிலைக்கு 67.3 விழுக்காடு. மழை நின்றபோது 10 ஓவர் பாக்கி, அதே 2 விக்கெட். அதற்கு 30.8 விழுக்காடு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 36.5. மழை அந்த அணியிடமிருந்து எடுத்துக்கொண்டது இதுதான். நூறில் 36.5 போக மீதி 63.5. 200-இல் 63.5 விழுக்காடு 127. அது சமநிலைக்கான எண்ணிக்கை. வெல்ல 128 வேண்டும். கையில் 80 இருப்பதால் 10 ஓவரில் இன்னும் 48 ஓட்டங்கள்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். அதே 20 ஓவர், அதே 80 ஓட்டங்கள், ஆனால் 5 விக்கெட் போயிருக்கிறது. 30 ஓவர் பாக்கி, 5 விக்கெட் போன நிலைக்கு 44.7 விழுக்காடு. 10 ஓவர் பாக்கிக்கு 26.1. வேறுபாடு 18.6 மட்டுமே. மீதி 81.4. 200-இல் அது 162.8. ஆகவே இலக்கு 163. இன்னும் 83 ஓட்டங்கள் வேண்டும்.

அதே மழை, அதே ஓவர் இழப்பு. இலக்கில் 35 ஓட்ட வேறுபாடு. இது அநியாயம்போல் தெரியலாம். ஆனால் 5 விக்கெட் இழந்த அணி, மழையே வராவிட்டாலும் அந்த 30 ஓவரை முழுதாக ஆடி முடித்திருக்குமா என்பது ஐயமே. ஆட முடியாமல் போயிருக்கக்கூடிய ஓவர்களை மழை எடுத்ததற்குப் பெரிய இழப்பீடு கிடையாது. மழைக்கு முன்பு பின்தங்கியிருந்த அணி மழைக்குப் பின்பும் அதே அளவு பின்தங்கியே இருக்க வேண்டும். முந்தியிருந்த அணி முந்தியே இருக்க வேண்டும். இதுதான் இந்தக் கணக்கின் நோக்கம்.

இந்த அட்டவணை இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு 1992 மார்ச் 22-ஆம் தேதி சிட்னியில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதி சாட்சி. இங்கிலாந்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ஓட்டங்கள் தேவைப்பட்டன. மழை வந்து போனது. ஒரே பந்தில் 22 ஓட்டங்கள் என்று பலகை காட்டியது, உண்மையில் 21. எதுவானாலும் முடியாத காரியம்.

20 ஓவர் ஆட்டத்தில் எவ்வளவு?

நம் ஊர்த் திடல்களில் வார இறுதியில் நடப்பவை பெரும்பாலும் 20 ஓவர் ஆட்டங்கள். மாலை மழை வந்தால் இரண்டாம் அணிக்குப் பத்து ஓவர்தான் என்று முடிவு செய்து, இலக்கையும் பாதியாக்கிவிடுவது எளிய வழி. ஆனால் அது இரண்டாம் அணிக்குச் சாதகமான வழி.

அதே அட்டவணையில் விக்கெட் எதுவும் போகாமல் 20 ஓவர் இருந்தால் 56.6, 10 ஓவர் இருந்தால் 32.1. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஏறக்குறைய 57 விழுக்காடு வரும். முதல் அணி 150 எடுத்திருந்தால், பத்து ஓவருக்குச் சமநிலை எண்ணிக்கை 85, இலக்கு 86. பாதியாக்கினால் 76தான் இலக்கு. பத்து ஓட்டங்கள் இலவசமாகப் போகின்றன. இரண்டாம் அணி களமிறங்கும் முன்பே ஓவர் குறைக்கப்பட்டால் இந்த 57 விழுக்காடு போதுமானது. ஆட்டத்தின் நடுவே மழை வந்தால் விக்கெட்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

முதல் அணி ஆடும்போதே மழை வந்தால் கதை வேறு. அந்த அணி 20 ஓவர் என்று நினைத்து நிதானமாக ஆடியிருக்கும். திடீரென்று 12 ஓவரில் முடிந்தது என்கிறார்கள். இரண்டாம் அணிக்கோ 12 ஓவர்தான் என்று தொடக்கத்திலேயே தெரியும். அதனால் முதல் அணி எடுத்ததைவிட அதிகமான இலக்கு கொடுக்கப்படலாம். அறிவிப்பைக் கேட்டு எழுத்துப்பிழை என்று எண்ண வேண்டாம்.

ஓர் ஓட்டத்தில் தவறிய உலகக் கிண்ணம்

கணக்கு சரியாக இருந்தும் அதைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும்? 2003 மார்ச் 3-ஆம் தேதி, டர்பன் நகரில் தென்னாப்பிரிக்காவும் இலங்கையும் மோதிய உலகக் கிண்ண ஆட்டம். இலங்கை 268 எடுத்திருந்தது. தென்னாப்பிரிக்கா துரத்தும்போது மழை வலுத்தது. 45-ஆவது ஓவரை முத்தையா முரளிதரன் வீசினார். ஐந்தாவது பந்தில் மார்க் பவுச்சர் ஆறு ஓட்டங்கள் அடித்தார், எண்ணிக்கை 229. அதுவே வெற்றிக்குப் போதும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஆகவே கடைசிப் பந்தை ஓட்டம் எடுக்காமல் தட்டிவிட்டார். ஆட்டம் அத்துடன் நின்றது. 229 என்பது சமநிலைக்கான எண். வெல்ல 230 வேண்டும். ஆட்டம் சமனில் முடிந்து, போட்டியை நடத்திய தென்னாப்பிரிக்கா முதல் சுற்றிலேயே வெளியேறியது.

எண்ணிக்கைத் தாளை வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. தாளில் இருப்பது சமநிலை எண்ணா வெற்றி எண்ணா என்பது ஒன்று. மற்றொன்று, ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் அந்த எண் மேலே போகும். மேகம் கறுக்கும் நேரத்தில் ஒரு விக்கெட் விழுந்தால், முந்தியிருந்த அணி அந்த ஒரு பந்திலேயே பின்தங்கிவிடலாம்.

ஈரம், காற்று, வெயில்

இந்தக் கணக்கு பார்ப்பது ஓவரையும் விக்கெட்டையும் மட்டுமே. மழைக்குப் பின் திடல் ஈரமாகி, எல்லைக்கோட்டைத் தொட வேண்டிய பந்து பாதியில் நின்றுவிடுவதற்கு இலக்கில் எதுவும் குறைக்கப்படாது. பந்து நனைந்து, சுழற்பந்து வீச்சாளரின் பிடி வழுக்குவதற்கு எதுவும் கூட்டப்படாது. எதிர்க்காற்றில் ஓடிவந்து வீசிய ஓவருக்கும், நண்பகல் வெயிலில் களைத்துப்போன கால்களுக்கும் அப்படித்தான். எத்தனை ஓவர் போனது என்று எண்ணிவிடலாம். ஈரம் எத்தனை ஓட்டத்தைத் தின்றது என்று எண்ண வழியில்லை.

காற்றை அளக்கும் விளையாட்டிலும் இதே எச்சரிக்கை உண்டு. 100 மீட்டர் ஓட்டத்தில் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படாது. அந்த வேகக் காற்று முன்னணி ஆண் வீரருக்கு ஏறக்குறைய 0.1 வினாடி உதவும் என்று கணிக்கிறார்கள். இருந்தும் நேரத்தைத் திருத்தி எழுதுவதில்லை. எல்லோருக்கும் ஒரே காற்றுதான் என்பதால், முதலில் வந்தவருக்கே பதக்கம்.

கிரிக்கெட்டில் அப்படி விட முடியாது. இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் ஆடுவதில்லை. ஒருவர் வெயிலில் ஆடினால் மற்றவர் மழையில் ஆடுகிறார். ஆகவே அடுத்த முறை வானம் இருட்டும்போது எண்ணிக்கைப் பலகையில் ஓட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். விழுந்த விக்கெட் எத்தனை என்று பாருங்கள். ஆட்டம் அத்துடன் நின்றால் யார் பக்கம் என்பதை அந்த இரண்டு எண்களும் சேர்ந்துதான் சொல்லும்.