கேள்வியில் ஓர் ஏகாரம்

பி.ஏ. தமிழ் படிக்கும் மாணவி ஒருவர் தேர்வுக்கு முந்தைய வாரம் தன் நோட்டோடு வந்தார். சிலப்பதிகாரத்துக்கு மட்டும் பதினான்கு பக்கம். வகுப்பில் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதியிருந்தார். “எல்லாத்தையும் படிச்சுட்டேன் ஐயா. ஆனா கட்டுரை வினா எழுதும்போது கதையைச் சொல்லிட்டே போயிடறேன், நேரமும் போயிடுது” என்றார். விடைத்தாள் திருத்திய ஆண்டுகளில் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான். படிக்காததால் வரும் பிழை அல்ல இது. படித்ததைப் படித்த வரிசையிலேயே எழுதுவதால் வருவது.

ஆசிரியர் நூலை முதலிலிருந்து நடத்துகிறார். ஆகவே குறிப்பும் நூல் போகும் போக்கிலேயே போகும்: இளங்கோவடிகள் யார், காண்டம் மூன்று, காதை முப்பது, புகாரில் நடந்தது, மதுரையில் நடந்தது. கேள்வி கேட்பவருக்கு அந்த வரிசையில் அக்கறை இல்லை. அவருக்கு வேண்டியது ஒரு வாதம். கதை வரிசையில் இருப்பதை வாத வரிசைக்கு மாற்றுவதுதான் விடைத்திட்டம்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். பல கல்லூரிகளில் மூன்று மணி நேரத்துக்கு 75 மதிப்பெண். அதில் 30 மதிப்பெண், பத்துப் பத்தாக மூன்று கட்டுரை வினாக்களுக்கு. 180 நிமிடத்தை மதிப்பெண் கணக்கில் பங்கு போட்டால் ஒரு கட்டுரைக்கு 24 நிமிடம் வரும். திட்டத்துக்கு நான்கு நிமிடம், எழுத்துப்பிழை பார்க்க இரண்டு நிமிடம் எடுத்துவிட்டால் எழுதக் கிடைப்பது 18 நிமிடம். ஒரு பக்கம் எழுத ஐந்து நிமிடம் ஆகிறவருக்கு அது மூன்றரைப் பக்கம். முன்னுரை, முடிவுரை போக நான்கு பத்திக்குத்தான் இடம். பதினான்கு பக்கக் குறிப்பிலிருந்து நான்கே நான்கு செய்திகளை எடுக்க வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

பழைய வினா ஒன்றை அவர் முன் வைத்தேன்: ‘கோவலன் கொலையுண்டதற்கு ஊழே காரணம் – ஆராய்க.’ உடனே நோட்டைப் புரட்டப் போனார். “நோட்டு இருக்கட்டும்மா, கேள்வியை இன்னொரு தடவை படி. எந்தச் சொல்லில் அழுத்தம் இருக்கு?” என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “ஊழே... அந்த ஏகாரம்” என்றார். அதுதான். ஊழும் ஒரு காரணமா என்று அவர்கள் கேட்கவில்லை, ஊழ் மட்டும்தானா என்று கேட்கிறார்கள். ‘விளக்குக’ என்றிருந்தால் ஊழ் வரும் இடங்களை எடுத்துச் சொன்னால் போதும். ‘ஆராய்க’ என்பதால் ஏற்பதும் மறுப்பதும் விடைக்குள் இருக்க வேண்டும். நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடம் முழுவதும் இதற்கே போகட்டும்.

அடுத்து முடிவை எழுதச் சொன்னேன். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டு, தேர்வு முடிந்ததும் குறுக்குக் கோடு போட்டுவிடலாம். அவர் எழுதியது: ‘ஊழ் காரணம்தான், ஆனால் அது மனிதர் செய்யும் பிழை வழியாகவே வருகிறது.’ முடிவு கைக்கு வந்ததும் குறிப்பைக் கழிப்பது எளிதாகிவிட்டது. உ.வே.சாமிநாதையர் 1892இல் நூலைப் பதிப்பித்தது அருமையான செய்தி, ஆனால் இந்த விடையில் அதற்கு வேலை இல்லை. இந்திர விழாவும் அரங்கேற்றமும் போயின. கவுந்தியடிகளை விட அவருக்கு மனமில்லை, இருந்தாலும் விட்டார்.

மிஞ்சியவற்றில் ஊழுக்கு மிக வலுவான சான்று கட்டுரை காதையில் இருக்கிறது. கோவலன் முற்பிறப்பில் பரதனாகச் சிங்கபுரத்தில் இருந்தபோது சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தான். அந்த வினைதான் இப்போது வந்தது என்று மதுராபதி தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. இது நூலில் இருபத்து மூன்றாவது காதை. குறிப்பிலும் கடைசியில்தான் இருந்தது. திட்டத்தில் இதை முதல் பத்தியாக்கினோம். எதை முழுதாக ஏற்க மறுக்கிறோமோ அதன் வலுவை முதலில் காட்டிவிட வேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் மறுப்புக்கு மதிப்பு.

இரண்டாம் பத்தி கானல்வரி. மாதவியின் பாட்டைத் தவறாக எடுத்துக்கொண்டு கோவலன் பிரிகிறான். ஊழ்வினை வந்து மூண்டதாக இளங்கோ இங்கேயே சொல்கிறார். ஆனால் புறஞ்சேரியில் மாதவியின் இரண்டாவது கடிதத்தைப் படித்ததும் அவள்மேல் தவறில்லை, தவறு தன்னுடையது என்று உணர்கிறான் கோவலன். ஆறு காதை தள்ளி இருக்கும் இந்த இரண்டையும் ஒரே பத்தியில் சேர்த்ததில்தான் ஆராய்ச்சி பிறக்கிறது.

மூன்றாவது கொலைக்களக் காதை. வினை விளையும் காலம் என்கிறார் கவிஞர். அதே மூச்சில் பாண்டியன் ஆராயாமல் ஆணையிட்டான் என்றும் சொல்கிறார். நான்காவது வழக்குரை காதை. சிலம்பு உடைந்து, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததும் அரசன் ஊழின்மேல் பழி போடவில்லை. பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட தானே கள்வன் என்று சொல்லி உயிர் விடுகிறான். இதைவிட நல்ல முடிவுச் சான்று கிடைக்காது.

கடைசிப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

முடிவு: ஊழ் உண்டு – பிழை வழியாக
1. கட்டுரை – சங்கமன் – ஊழ்
2. கானல்வரி + புறஞ்சேரி – ‘என் தவறு’
3. கொலைக்களம் – ஆராயாமை
4. வழக்குரை – அரசன் ஒப்புதல்

ஒவ்வொரு வரியிலும் இடம், நிகழ்ச்சி அல்லது அதிலிருந்து பெறும் கருத்து இருக்கிறது. காதைப் பெயர் முக்கியம். ‘ஓரிடத்தில் அரசன் கூறுகிறான்’ என்று எழுதுகிறவருக்கும் ‘வழக்குரை காதையில்’ என்று எழுதுகிறவருக்கும் உள்ள வேறுபாடு திருத்துகிறவர் கண்ணில் உடனே படும். நோட்டில் காதைப் பெயர் இல்லாத செய்தி எதுவானாலும் வீட்டிலேயே நூலைத் திறந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். தேர்வறையில் அது நினைவுக்கு வராது.

எழுதும்போது திட்டம் நழுவுகிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லைப் பாருங்கள். ‘பிறகு’, ‘அதன்பின்’, ‘அடுத்து மதுரைக்கு’ என்று தொடங்கினால் கதைக்குள் போய்விட்டீர்கள். ‘ஊழின் கையை மிகத் தெளிவாகக் காண்பது’, ‘ஆனால் கோவலனே’ என்று தொடங்கினால் வாதம் நிற்கிறது. காப்பியத்தின் பெருமை பேசும் மனப்பாட முன்னுரையும் வேண்டாம். அது அரைப் பக்கத்தைத் தின்றுவிடும், நான்காவது சான்று வெளியே நிற்கும். பாதியில் புதுச் செய்தி நினைவுக்கு வந்தால், எழுதாத ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடலாம். ஐந்தாவதாகச் சேர்த்தால் அடுத்த வினாவின் நேரத்தை அது எடுத்துக்கொள்ளும்.

அந்த மாணவி பிறகு நோட்டைத் திரும்ப எழுதினார். ஊழ், அரசநீதி, கற்பு என்று பொருளுக்கு ஒரு தாள், தாளுக்கு ஐந்தாறு நிகழ்ச்சி. கொலைக்களக் காதை மூன்று தாளிலும் வந்தது, ஒவ்வொன்றிலும் வேறு கருத்தோடு. பதினான்கு பக்கம் மூன்று தாளாயிற்று.

உங்கள் வீட்டில் கட்டுரை வினா எழுதப்போகும் பிள்ளை இருந்தால், இன்று மாலை பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுங்கள். கடிகாரத்தை வைத்து, நோட்டைப் பார்க்காமல், நான்கு நிமிடத்தில் திட்டத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கட்டுரை எழுத வேண்டாம். ஒரு வினாவுக்கு ஒன்றாகப் பத்துத் திட்டம் போட நாற்பது நிமிடம் போதும்.