கிழிந்த நோட்டுக்கு ஒரு வழி, கள்ள நோட்டுக்கு வேறு வழி

ஏடிஎம்மில் எடுத்த பணத்தை எண்ணும்போது ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு உறுத்துகிறது. ஓரம் கிழிந்திருக்கிறது, அல்லது தாளின் தன்மையே வேறாகத் தெரிகிறது. பெட்ரோல் பங்கிலோ கூட்டமான மளிகைக் கடையிலோ மற்ற நோட்டுகளோடு சேர்த்துத் தள்ளிவிடலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். கிழிந்த நோட்டென்றால் அப்படித் தள்ளிவிட வேண்டிய அவசியமே இல்லை. கள்ள நோட்டென்றால் அது குற்றம்.

முதலில் கிழிந்த நோட்டைப் பார்ப்போம். பேருந்து நிலையங்களுக்கும் சந்தைகளுக்கும் அருகே கமிஷன் பிடித்துக்கொண்டு கிழிந்த நோட்டை மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகிறவர்களில் பலர் அதே வேலையை எந்த வங்கிக் கிளையும் செய்து தர வேண்டும் என்பதை அறியாதவர்கள். அந்தக் கிளையில் உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டியதில்லை. அழுக்கான, கிழிந்த நோட்டுகளை எல்லா வேலை நாட்களிலும், வாடிக்கையாளரா இல்லையா என்று பாகுபாடு பார்க்காமல் மாற்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. சிறு நிதி வங்கிகளுக்கும் பேமெண்ட்ஸ் வங்கிகளுக்கும் மட்டும் கிழிந்த நோட்டு விஷயத்தில் விலக்கு உண்டு. அவை விரும்பினால் செய்யலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு 2009-ஆம் ஆண்டின் நோட்டு மாற்று விதிகளில் கணக்கு இருக்கிறது. 2018-இல் அது திருத்தப்பட்டது. புழங்கிப் புழங்கி அழுக்கானதும், இரண்டாகக் கிழிந்து இரு துண்டுகளும் முழுமையாகக் கையில் இருப்பதும் ‘அழுக்கு நோட்டு’ என்ற வகையில் வரும். அதற்கு முழு மதிப்பு. ஒரு பகுதி காணாமல் போனாலோ இரண்டுக்கு மேற்பட்ட துண்டுகளானாலோதான் அளந்து பார்ப்பார்கள். இருபது ரூபாய் வரையிலான நோட்டுகளில், இருப்பதிலேயே பெரிய துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம், இல்லையென்றால் ஒன்றுமில்லை. ஐம்பது ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில் அந்தத் துண்டு 80 சதவீதத்தைத் தாண்டினால் முழு மதிப்பு. 40 முதல் 80 சதவீதம் வரை பாதி மதிப்பு. அதற்கும் கீழே போனால் எதுவும் கிடையாது.

ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்தே பார்க்கலாம். அதன் நீளம் 15 சென்டிமீட்டர், அகலம் 6.6 சென்டிமீட்டர். ஒரு முனையில் இரண்டு சென்டிமீட்டரை எலி கடித்துப் போய்விட்டதென்றால் மிச்சமிருப்பது 13 சென்டிமீட்டர், அதாவது 86 சதவீதத்துக்கும் மேல். முழு ஐந்நூறும் கிடைக்கும். நான்கு சென்டிமீட்டர் போயிருந்தால் மிச்சம் 73 சதவீதம்; 250 ரூபாய்தான். நடுவில் சரிபாதியாகக் கிழிந்து ஒரு பாதி தொலைந்துவிட்டாலும் 250 ரூபாய் உண்டு. ஆகவே பாதி நோட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பலரை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. விதி பார்ப்பது ‘பிரியாத மிகப் பெரிய ஒற்றைத் துண்டை’. ஏழு, நான்கு, நான்கு சென்டிமீட்டர் என்று மூன்றாகக் கிழிந்த நோட்டை டேப் ஒட்டி முழுசாக்கிக் கொண்டுபோனாலும் ஏழு சென்டிமீட்டர் துண்டுதான் கணக்கில் வரும். கிடைப்பது பாதி மதிப்பு. இரண்டாகக் கிழிந்த நோட்டை இன்னும் கிழியவிடாமல் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுப்பது இதனால்தான் முக்கியம்.

கிழிந்த நோட்டுகள் ஐந்து வரை என்றால் கிளையிலேயே பார்த்து மாற்றித் தர வேண்டும். மதிப்பிட முடியவில்லை என்றால் ரசீது கொடுத்து, தங்களோடு இணைந்த கரன்சி செஸ்ட் கிளைக்கு அனுப்ப வேண்டும். பணம் எப்போது கிடைக்கும் என்பதையும் அந்த ரசீதிலேயே எழுத வேண்டும். அது 30 நாளைத் தாண்டக் கூடாது. தீயில் கருகியதும், தொட்டால் உதிர்வதும், பிரிக்க முடியாமல் ஒட்டிப்போனதும் கிளையில் எடுபடாது. சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். வேண்டுமென்றே வெட்டிய நோட்டையும், அரசியல் அல்லது மத வாசகம் எழுதிய நோட்டையும் மறுக்க விதியிலேயே இடமிருக்கிறது. பேனாக் கிறுக்கல் மட்டும் இருந்தால் அது செல்லாத நோட்டு அல்ல.

சந்தேக நோட்டின் கதை வேறு. ஐந்நூறு ரூபாயைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே ஓடும் இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். இரு ஓரங்களிலும் ஐந்து சாய்கோடுகள் விரலில் மேடாகத் தட்டுப்பட வேண்டும். வரிசை எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகச் சற்றே பெரிதாகிக்கொண்டு போக வேண்டும். எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி இருந்தால் பதற வேண்டாம். அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக ரிசர்வ் வங்கியே வெளியிடும் நல்ல நோட்டு அது.

ஒருவர் ஏடிஎம்மில் பத்தாயிரம் எடுக்கிறார், அதில் ஒரு நோட்டு இந்தச் சோதனைகளில் தேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் அந்த அறையை விட்டு வெளியே வருமுன் செய்வதுதான் பின்னால் அவரைக் காப்பாற்றும். அந்த நோட்டின் இரு பக்கத்தையும், எண் தெரியும்படி, கேமராவுக்கு நேரே சற்று நேரம் பிடித்துக் காட்ட வேண்டும். காவலாளி இருந்தால் அவரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். ஏடிஎம் சீட்டு, வங்கிக் குறுஞ்செய்தி, நோட்டின் படம் மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும். சீட்டு வரவில்லை என்றால் இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் ஏடிஎம் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து அந்த ஏடிஎம்மின் வங்கிக் கிளைக்குப் போக வேண்டும். நோட்டை நேராகக் கவுன்டரில் செலுத்தப் பார்க்காமல், முதலில் கிளை மேலாளரிடம் எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும். தேதி, நேரம், ஏடிஎம் எண், நோட்டு எண் நான்கும் அதில் இருக்கட்டும்; நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு வேறு வங்கியுடையது என்றால் அந்த வங்கிக்கும் ஒரு நகல் போகட்டும். இந்த வரிசை ஏன் என்றால், கவுன்டரில் கள்ள நோட்டு என்று தெரிந்ததும் அதில் முத்திரை குத்திப் பறிமுதல் செய்வது வங்கியின் கடமை. அதற்கு ஈடாகக் கணக்கில் பணம் வராது. நோட்டையும் திருப்பித் தரக் கூடாது. ஆனால் அவர்கள் உங்களுக்கு ஒரு ஒப்புகை ரசீது தந்தே ஆக வேண்டும். நீங்கள் கையெழுத்திட மறுத்தாலும் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ஒரே முறையில் நான்கு நோட்டு வரை பிடிபட்டால் வங்கி மாதக் கடைசியில் மொத்தமாகக் காவல்துறைக்கு அறிக்கை அனுப்பும். ஐந்தைத் தொட்டால் உடனே எஃப்ஐஆர். பாரதிய நியாய சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவின்படி, கள்ளம் என்று தெரிந்தே ஒரு நோட்டைப் புழக்கத்தில் விட்டால் ஆயுள் தண்டனை வரை போகலாம். நோட்டு முறையான வழியில் கைக்கு வந்தது என்று நிரூபித்தால், வைத்திருந்தது குற்றமாகாது என்று 180-ஆவது பிரிவின் விளக்கம் சொல்கிறது. கேமராவுக்குக் காட்டியதும், சீட்டும், முத்திரையிட்ட புகாரும் அதற்கான சான்றுகள்.

பணம் திரும்பக் கிடைக்குமா? உறுதி சொல்ல முடியாது. அந்த நோட்டு அந்த இயந்திரத்திலிருந்துதான் வந்தது என்று காட்டுவது கடினம். ஆனால் வாதம் உங்கள் பக்கம் இல்லாமல் இல்லை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளை இயந்திரத்தில் சோதிக்காமல் மறுபடி புழக்கத்தில் விடக் கூடாது. ஏடிஎம் வழியே கள்ள நோட்டு வந்தால் அதை வங்கியே புழக்கத்தில் விட முயன்றதாகக் கருதப்படும் என்று ரிசர்வ் வங்கி எழுதியே வைத்திருக்கிறது. புகாரில் இந்த வாசகத்தைக் குறிப்பிடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். கிழிந்த நோட்டை மாற்ற மறுத்த கிளை மீதும் இதே வழியில்தான் புகார்.