உள்ளீடு பத்து மடங்கானால்

உள்ளீடு பத்து மடங்காகும்போது நேரமும் பத்து மடங்கானால் அந்த நிரல் நேர்விகிதத்தில் வளர்கிறது. நேரம் நூறு மடங்கானால் அது இருபடி வளர்ச்சி. நிரலைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டில் எது என்று தெரிந்துவிடுவதில்லை. ஒரு பட்டியலில் ஏற்கெனவே வந்த எண் மீண்டும் வருகிறதா என்று பார்க்கும் இந்தப் பைத்தான் நிரல் அதற்கு நல்ல சான்று:

```
seen = []
for x in data:
    if x in seen:
        print(x)
    else:
        seen.append(x)
```

கண்ணுக்குத் தெரிவது ஒரே சுழற்சி. ஆனால் `x in seen` என்ற சிறு சொற்றொடருக்குள் இன்னொரு சுழற்சி ஒளிந்திருக்கிறது: பட்டியலின் தலைமுதல், எண் கிடைக்கும்வரை அல்லது பட்டியல் முடியும்வரை, ஒவ்வோர் எண்ணாக அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. எல்லா எண்களும் வெவ்வேறாக இருந்தால், n எண்களுக்கு n(n−1)/2 ஒப்பீடுகள். 10,000 எண்களுக்கு இது சுமார் 5 கோடி. நொடிக்கு 5 கோடி ஒப்பீடு என்று வைத்துக்கொண்டால் ஒரு நொடியில் வேலை முடியும். ஒரு லட்சம் எண்களுக்கு 100 நொடி. பத்து லட்சத்துக்கு 10,000 நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேல்.

`seen = set()` என்றும் `append` இருந்த இடத்தில் `add` என்றும் மாற்றினால், ஒவ்வோர் எண்ணையும் அது இருக்கவேண்டிய இடத்துக்கே நேராகப் போய்த் தேடலாம். இந்தத் தேடல் ஓர் ஒப்பீட்டைவிடப் பத்து மடங்கு மெதுவானது என்றே கொண்டாலும், 10,000 எண்களுக்கு 0.002 நொடி, பத்து லட்சத்துக்கு 0.2 நொடி. ஆனால் இதே கணக்கின்படி, இருபதுக்குக் குறைவான எண்கள் என்றால் பழைய பட்டியலே வேகமானது. சிறு மாதிரியைக் கொண்டு சோதிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சந்தேகம் வந்தால் 10,000 உள்ளீட்டுக்கும் ஒரு லட்சத்துக்கும் நேரத்தை அளந்து வகுத்துப் பார்க்கலாம். விடை பத்தை ஒட்டி வந்தால் நேர்விகிதம், நூற்றை ஒட்டி வந்தால் இருபடி. உள்ளீடு மிகச் சிறிதாக இருந்தால், நிரல் தொடங்குவதற்கு ஆகும் நேரமே பெரும்பங்காகி விகிதத்தை மறைத்துவிடும்.

இந்தச் சிக்கல் பெரிய நிரல்களிலும் ஒளிந்திருக்கும். 2013இல் வெளியான 'ஜிடிஏ ஆன்லைன்' விளையாட்டு, கணினியில் தொடங்கப் பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. 2021இல் ஒரு நிரலாளர் அதைத் துருவிப் பார்த்தார். விற்பனைப் பொருள்கள் அடங்கிய சுமார் 10 எம்பி கோப்பு ஒன்றை விளையாட்டு படித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த ஏறத்தாழ 63,000 பொருள்களில் ஒவ்வொன்றையும், அதற்குமுன் வந்த அத்தனையுடனும் ஒப்பிட்டது: மொத்தம் கிட்டத்தட்ட 200 கோடி ஒப்பீடுகள். போதாக்குறைக்கு, ஒவ்வொரு மதிப்பைப் படிக்கும்போதும் கோப்பில் எஞ்சிய உரையின் நீளத்தை முழுவதுமாக அளந்தது. அதுவும் இருபடிதான். இரண்டையும் திருத்தியதும் அவருடைய கணினியில் 6 நிமிடக் காத்திருப்பு 1 நிமிடம் 50 நொடியாகக் குறைந்தது. விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு விளையாட்டைத் திருத்தி வெளியிட்டது. கண்டுபிடித்தவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.